கேண்டீனில் படித்த மூன்று பக்கம்

இப்போது இதற்கு டவுன்ஹால் என்று பெயர். எங்கள் நாளில் யூனியன் கூட்டினால் கேட் மீட்டிங், நிர்வாகம் கூட்டினால் கேண்டீன் மீட்டிங். பெயர் எதுவானாலும், ஆட்களைக் குறைக்கப் போகிறோம் என்று நிர்வாகம் சொல்லும் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் மனத்தில் ஒரே கேள்விதான் ஓடும். "நானா, இல்லையா?" அதற்குப் பதில் வரும்வரை வேறு எந்த வார்த்தையும் காதில் ஏறாது. பெர்சனல் டிபார்ட்மெண்டில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

என் தங்கை மகள் வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனியில் போன மாதம் இப்படி ஒரு கூட்டம். பெரியவர் இருபது நிமிஷம் கம்பெனியின் வளர்ச்சியைப் பற்றிப் பேசினாராம். 'மறுசீரமைப்பு', 'நம் குடும்பம்' என்றெல்லாம் வந்ததாம். முடிவில், "சம்பந்தப்பட்டவர்களுக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும்." அந்த உரிய நேரம் ஒன்பது நாள் கழித்து வந்தது. அந்த ஒன்பது நாளும் யாரும் ஒழுங்காக வேலை பார்த்திருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்?

அமெரிக்காவில் பெட்டர் டாட் காம் என்ற கம்பெனி 2021 டிசம்பரில் சில நிமிஷ ஜூம் அழைப்பிலேயே சுமார் 900 பேரை அனுப்பியது. உலகமே திட்டியது. அதற்கு முந்தைய வருஷம், 2020 மே மாதம், ஏர்பிஎன்பி கம்பெனி சுமார் 7,500 பேரில் ஏறக்குறைய 1,900 பேரை எடுத்தது. அதன் தலைவர் பிரையன் செஸ்கி எழுதிய கடிதத்தில் அந்த ஆண்டு வருமானம் 2019-இல் வந்ததில் பாதிகூட வராது என்று இருந்தது. எந்தெந்த வேலைகளை நிறுத்துகிறோம், எத்தனை வாரச் சம்பளம் தருகிறோம், கடைசி வேலை நாள் எது என்பதும் இருந்தது. வேலை போனது போனதுதான். ஆனால் படித்தவனுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்தது.

இதே மாதிரி ஒரு பேச்சை 2003-இல் எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அம்பத்தூரில் நான் இருந்த ஆலை பம்பு செய்யும் ஆலை. அதன் பவுண்டரியை மூடிவிட்டு, வார்ப்புகளைக் கோயம்புத்தூரிலிருந்து வாங்குவது என்று போர்டு முடிவு செய்தது. பவுண்டரியில் 62 பேர். 24 பேருக்கு மெஷின் ஷாப்பில் இடம் இருந்தது. மீதி 38 பேருக்கு வி.ஆர்.எஸ். நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் அப்போது ஆட்குறைப்புக்கு அரசாங்கத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும். அது லேசில் கிடைக்காது. அதனால் எல்லோரும் வி.ஆர்.எஸ். வழியில்தான் போவார்கள்.

கன்சல்டன்ட் ஒருவர் எழுதிய பேச்சு முதலில் என் மேஜைக்கு வந்தது. உலகச் சந்தை, போட்டி என்று ஒன்றரைப் பக்கம். நான் அதை எடுத்துவிட்டு மூன்றாவது வரியிலேயே விஷயத்தை வைத்தேன். "செப்டம்பர் 30-ஆம் தேதியோடு பவுண்டரி மூடப்படுகிறது. 24 பேர் மெஷின் ஷாப்புக்கு மாறுகிறார்கள். 38 பேருக்கு வி.ஆர்.எஸ். தருகிறோம். யார் எந்தப் பக்கம் என்ற கவர் இன்று மாலை ஐந்து மணிக்குள் உங்கள் கையில் இருக்கும். லீவில் இருப்பவர்களுக்கு இன்றே ரிஜிஸ்டர் தபாலில் போகும்."

காரணம் சொல்லும்போது, தொழிலாளி தானே கணக்குப் போட்டுப் பார்க்கக் கூடியதைச் சொல்ல வேண்டும். எங்கள் பவுண்டரியில் ஒரு கிலோ வார்ப்புக்கு 41 ரூபாய் அடக்கம். வெளியில் 33 ரூபாய். மாதம் 70 டன் என்றால் 5 லட்சத்து 60 ஆயிரம் நஷ்டம். அதோடு ஒரு வரி சேர்த்தேன்: "நூறில் பதினொரு வார்ப்பு கழிவில் போவது உங்கள் குறையல்ல. பழைய மணல் பிளாண்டை மாற்றாமல் விட்டது நிர்வாகம்." எம்.டி. இரண்டு நாள் யோசித்துத்தான் அந்த வரியை விட்டார். விட்டது நல்லதாயிற்று. வருஷக்கணக்காக அந்த மணலோடு மல்லுக்கட்டிய மோல்டர்களிடம் உலகச் சந்தை என்று சொல்லியிருந்தால் அங்கேயே சிரித்திருப்பார்கள்.

பணத்தை உதாரணத்தோடு சொன்னோம். பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து மாதம் 7,800, சர்வீஸ் 22 வருஷம். நாள் சம்பளம் 300. வருஷத்துக்கு 45 நாள் வீதம் 2,97,000. கிராஜுவிட்டி 99,000. பி.எப். தனி. இதில் ஒரு முள் இருந்தது. ஓய்வு வரை மிச்சம் இருக்கும் மாதங்களின் சம்பளத்துக்கு மேல் வி.ஆர்.எஸ். தொகை போகாது. அதே சம்பளத்தில் பத்து மாதத்தில் ரிடையர் ஆகப்போகிறவருக்கு முப்பது வருஷ சர்வீஸ் இருந்தாலும் 78,000தான். இதை கவுண்டரில் வந்து தெரிந்துகொள்ள விடக்கூடாது என்று பேச்சிலேயே வைத்தோம். முன்வரிசையில் இருந்த மூத்தவர்கள் முகம் சுருங்கியது. இருந்தாலும் அங்கேயே தெரிந்துவிட்டது.

பெரிய தகராறு 'விருப்பம்' என்ற சொல்லில் வந்தது. விருப்ப ஓய்வு வேண்டாம் என்கிறவரை என்ன செய்வது? வடக்கே உள்ள டிப்போவுக்கு மாற்றுவது என்று உள்ளுக்குள் திட்டம். கன்சல்டன்ட் பேச்சில் அதைப் பற்றி மூச்சே இல்லை. "அதைச் சொன்னால் மிரட்டுவது மாதிரி இருக்குமேய்யா" என்றார் எம்.டி. "சொல்லாமல் செய்தால்தான் சார் மிரட்டல்" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் ஐந்நூறு பேர் முன்னால் அந்தத் திட்டத்தை வாய்விட்டுச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. அதனால் திட்டத்தை மாற்றினார். வேண்டாம் என்பவர்கள் அதே சம்பளத்தில் ஸ்டோர்ஸிலும் பேக்கிங்கிலும் ஒரு வருஷம். அதற்குள் மெஷின் ஷாப்பில் இடம் காலியானால் அவர்களுக்கே முதலில். ஒரு வருஷம் கழித்தும் இடம் இல்லை என்றால் டிப்போ, வீட்டு வாடகை கம்பெனி தரும். இது அப்படியே பேச்சில் போயிற்று. பேச்சை எழுதும் வேலைக்கு இப்படி ஒரு பலன் உண்டு. உரக்கச் சொல்ல முடியாத ஏற்பாடு ஒன்று உள்ளே இருந்தால் எழுதும்போதே அகப்பட்டுவிடும்.

கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வைத்தோம், இரண்டு ஷிப்டும் இருக்கும் நேரம். சனிக்கிழமை வைத்தால் ஞாயிறு முழுக்கக் கேட்க ஆள் இல்லாமல் வீட்டில் தவிப்பார்கள். அன்று காலையில் குபோலா பற்றவைக்கவில்லை. புகை வராததைப் பார்த்தே பாதிப் பேருக்குப் புரிந்துவிட்டது என்பது வேறு கதை.

படித்து முடிக்கப் பதினோரு நிமிஷம். கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம். "என் பையனுக்கு வேலை போட்டுத் தருவீங்களா ஐயா?" என்று ஒரு மோல்டர் கேட்டார். எம்.டி. "இல்லை" என்றார். பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் அஞ்சு வருஷம் கேட்டுக்குக் கேட்டு நடந்திருப்பார். "இதோட முடிஞ்சுதா, அடுத்து மெஷின் ஷாப்பா?" என்று யூனியன் செயலாளர் கேட்டார். "மார்ச் வரை எதுவும் கிடையாது. அதற்கு மேல் ஆர்டரைப் பொறுத்தது. இப்போது வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்று பதில். கைதட்டல் எதுவும் இல்லை. ஒருவர் டீ டம்ளரைத் தரையில் போட்டுவிட்டு வெளியே போனார்.

31 பேர் வி.ஆர்.எஸ். எடுத்தார்கள். ஏழு பேர் எடுக்கவில்லை. அந்த ஏழில் ஐந்து பேருக்கு வருஷத்துக்குள் மெஷின் ஷாப்பில் இடம் கிடைத்தது. இரண்டு பேர் டிப்போவுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். டிப்போவைத் திட்டினார், எம்.டி.யைத் திட்டினார். அன்று படித்த அந்த மூன்று பக்கத்தின் நகலை மட்டும் பி.எப். காகிதங்களோடு இன்னும் வைத்திருப்பதாகச் சொன்னார்.