சொன்ன சொல் அப்படியே பதிவாக வேண்டும்

காவல் நிலையங்களுக்கு வரும் அவமதிப்புப் புகார்களில் 'தகாத வார்த்தைகளால் திட்டினார்', 'ஒருமையில் பேசினார்', 'சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்' ஆகிய தொடர்கள் ஊருக்கு ஊர் மாறாமல் திரும்பத் திரும்ப வருகின்றன. பேராவூரணி வட்டாரத்தின் நெல் கொள்முதல் நிலையத்திலோ, தென்னந்தோப்பிலோ, கடைத்தெருவிலோ ஒருவர் பட்ட அவமானம் இந்தத் தொடர்களுக்குள் நுழைந்த உடனேயே தன் உருவத்தை இழந்துவிடுகிறது. ஏனெனில் இவை நடந்ததைச் சொல்பவை அல்ல. நடந்ததைப் பற்றிப் புகார்தாரரோ எழுத்தரோ வந்தடைந்த முடிவைச் சொல்பவை. பேசப்பட்ட சொல்லே குற்றமாகக் கருதப்படும் வழக்கில் அந்தச் சொல் முதல் தகவல் அறிக்கையில் இல்லாமல் போவது, திருட்டு வழக்கில் களவு போன பொருள் எது என்று எழுதாமல் விடுவதற்குச் சமம்.

தமிழில் மரியாதையும் அவமரியாதையும் வினைமுற்றிலும் விளியிலும் தங்கியிருக்கின்றன. 'வாங்க' என்பதற்கும் 'வா' என்பதற்கும் 'வாடா' என்பதற்கும் செயல் ஒன்றே; அழைக்கப்படுபவரின் இடம் மட்டும் ஒவ்வொரு படியாக இறங்குகிறது. ஆனால் இதே 'டா' நண்பர்களுக்கிடையே உரிமையாகவும், தாய் மகனை அழைக்கும்போது வாஞ்சையாகவும் ஒலிக்கிறது. ஆகவே 'டா போட்டுப் பேசினார்' என்று மட்டும் எழுதினால் எதுவும் நிறுவப்படுவதில்லை. அந்த விளி அவமதிப்பு ஆனதைக் காட்டுபவை அதைச் சுற்றியுள்ள உண்மைகளே: இருவரின் வயது, அவர்களுக்கிடையே உள்ள பழக்கம், அதே இடத்தில் அதே பேச்சாளர் மற்றவர்களை அழைத்த விதம். அறுபதை நெருங்கும் தொழிலாளியை 'வாடா' என்று அழைத்த இளைஞர், அடுத்த நொடியில் தன் வயதொத்த வேறொருவரை 'வாங்க, உக்காருங்க' என்று அழைத்திருந்தால், அந்த இரண்டாவது அழைப்பும் புகாரில் இடம்பெற வேண்டிய உண்மையாகும். புகார்களில் பெரும்பாலும் விடுபடுவதும் அதுதான்.

சட்டம் எதை எதிர்பார்க்கிறது என்பதை அறிந்தால் இதன் அவசியம் தெளிவாகும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(1)(r) பிரிவு, இழிவுபடுத்தும் நோக்கத்துடன் வேண்டுமென்றே அவமதிப்பதையும், 3(1)(s) பிரிவு சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதையும் குற்றமாக்குகின்றன. இரண்டுக்குமே சம்பவம் 'பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்' நடந்திருக்க வேண்டும், அதாவது பொதுமக்கள் பார்க்கவோ கேட்கவோ கூடிய நிலையில் நடந்திருக்க வேண்டும். அவமதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்பது மட்டும் போதாது, அவமதிப்பு அந்தச் சாதியின் காரணமாகவே நிகழ்ந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024இல் விளக்கியுள்ளது. சாதிச் சட்டத்துக்கு வெளியே உள்ள பிரிவுகளிலும் நிலை வேறல்ல. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், ஆபாசச் சொற்களைப் பற்றிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(b) பிரிவை ஆராய்ந்த அதே நீதிமன்றம், எதிரி உச்சரித்த சொற்கள் இன்னவை என்று புகாரில் காணப்படாததைக் குறையாகச் சுட்டி, 2022இல் அந்த வழக்கை ரத்து செய்தது.

அண்டை மாவட்டத்திலேயே நடந்த லால்குடி வழக்கு இன்னும் நெருக்கமான பாடம். 2021 செப்டம்பரில் லால்குடி கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பட்டா தொடர்பான மனுவைப் பற்றி விசாரிக்க வந்த ஒருவர், அங்கிருந்த வருவாய் ஆய்வாளரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதாகப் புகார் பதிவானது. சம்பவம் அலுவலக அறையின் நான்கு சுவர்களுக்குள் நடந்தது என்பதும், உடன் பணியாற்றிய மூவர் பிறகுதான் அங்கு வந்தனர் என்பதும் முதல் தகவல் அறிக்கையிலேயே இருந்தன. அதன் அடிப்படையில் பொதுப் பார்வை என்ற கூறு நிறைவேறவில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 31 அன்று வழக்கை ரத்து செய்தது. இந்தத் தீர்ப்பின் கடுமை விவாதத்துக்கு உரியதே. அதிகாரம் செலுத்தப்படும் இடம் பெரும்பாலும் மூடிய அறையாகவே இருக்கும்போது, அறைக்குள் விழுந்த சொல்லுக்குச் சட்டம் ஏன் இவ்வளவு இடம் விட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஆயினும் நடைமுறையில் அதன் பொருள் இதுதான்: யார், எங்கே நின்று, எப்போது கேட்டார் என்பது வழக்கின் உயிர்நிலை. கதவு திறந்திருந்ததா, வாசலில் மனுவோடு காத்திருந்தவர்கள் இருந்தார்களா என்பவை உண்மையாக இருந்தால் அவை எழுதப்பட வேண்டும். இல்லாதிருந்தால் இருந்ததாக எழுதக் கூடாது, ஏனெனில் குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சி சறுக்கினால் உண்மையான பகுதியும் சேர்ந்தே நம்பகத்தை இழக்கும்.

ஒரு கற்பனை நிகழ்வைக் கொண்டு இந்த வேறுபாட்டைக் காணலாம். கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் 58 வயதுத் தொழிலாளியை 27 வயதுடைய ஒருவர் அவமதித்தார் என்று கொள்வோம். வழக்கமான புகார் 'என்னைச் சாதியைச் சொல்லித் தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று முடிந்துவிடும். சரியான புகார் வேறு விதமாக அமையும்: 'காலை சுமார் 10 மணிக்கு எடைமேடை அருகே, "ஏன்டா, தூக்கச் சொன்னா எதிர்த்துப் பேசுறியா" என்று கேட்டுவிட்டு, என் சாதிப் பெயரைச் சொல்லி, "உனக்கு என்னடா பேச்சு" என்றார், அவர் சிறுவனாக இருந்த காலம் முதல் என் குடும்பத்தை அறிந்தவர், நெல் கொண்டுவந்திருந்த விவசாயிகள் இருவர் நான்கைந்து அடி தூரத்தில் நின்று கேட்டனர், அவர்களை அவர் "வாங்க" என்றே அழைத்தார்.' குடும்பத்தை அறிந்தவர் என்ற ஒரு வரிக்குத் தனிப் பயன் உண்டு. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ எதிரி நேரில் அறிந்திருந்தால், மாறாக நிரூபிக்கப்படாத வரை அவருடைய சாதியையும் அறிந்திருந்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 8(c) பிரிவு கூறுகிறது. சாதிப் பெயர் இந்தத் தலையங்கத்தில் தவிர்க்கப்பட்டிருக்கிறது. புகாரில் அதைத் தவிர்க்கவே கூடாது. கூச்சத்தால் புள்ளிகள் இடுவதும், 'எழுதக் கூசும் சொல்' என்று கடந்து போவதும், சொன்னவருக்கே உதவுகின்றன. அதேபோல், சொல்லப்படாத சாதிப் பெயரை வழக்கு வலுப்பெறும் என்று யாரோ சொன்னதற்காகச் சேர்ப்பதும் புகாரைக் கெடுக்கும்.

இந்தப் பொறுப்பை முழுவதும் பாதிக்கப்பட்டவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. நிலையத்தில் வாய்மொழியாகச் சொல்லப்படுவதை எழுத்தாக்குபவர் காவலர். பேச்சு வழக்கில் வந்ததை அலுவலக நடைக்கு மாற்றும் பழக்கத்தில்தான் 'டா'வும் 'டி'யும் உதிர்ந்து, 'ஒருமையில்' என்ற ஒற்றைச் சொல் மிஞ்சுகிறது. எழுதியதைப் புகார்தாரருக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் பெற வேண்டும் என்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அரசு ஊழியர் மீது விதித்துள்ள கடமை. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தருவதும் கடமையே. வழக்குப் பதிவுக்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 18A பிரிவு கூறியிருக்கும்போது, சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது கடமையைத் தட்டிக்கழிப்பதாகும். நிலையம் மறுத்தால் புகாரை அஞ்சலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப விதிகள் வழி செய்துள்ளன.

அண்டை மாநிலமான கேரளத்தில், காவலர்கள் பொதுமக்களை 'எடா', 'எடி', 'நீ' என்று அழைக்கக் கூடாது என்று 2021இல் உயர் நீதிமன்றம் கூறியதைத் தொடர்ந்து காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார். புகார் கொடுக்க வந்தவரையே 'என்னடா' என்று கேட்கும் நிலையத்தில் அந்தச் சொல் அவமதிப்பாகப் பதிவாகும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதால், தஞ்சை மாவட்டக் காவல்துறையும் இரண்டையும் சேர்த்தே ஓர் ஆணையில் சொல்ல வேண்டும்: நிலையத்துக்கு வரும் எவரையும் 'நீங்கள்' என்றே அழைக்க வேண்டும், அவமதிப்புப் புகாரில் எதிரி பேசிய சொற்களை மேற்கோள் குறிக்குள், பேசிய வழக்கிலேயே எழுதி, கேட்டவர்களின் பெயரும் நின்ற இடமும் சேர்த்து, வாசித்துக் காட்டிய பிறகே ஒப்பம் பெற வேண்டும்.