லூப் என்னும் ஒரு சொல்

"கர்ப்பப்பைக்குள் எதை வைத்தாலும் உதிரம் கொட்டும், அதைவிடக் கையில் குச்சி வைத்துக்கொள்வது மேல்" என்னும் தீர்ப்பை, காரைக்குடியில் வைத்தியம் பார்த்த காலத்தில் நான் கேட்காத வாரம் அநேகமாக இருந்ததில்லை. படிப்பில்லாதவர்கள் மாத்திரம் இதைச் சொல்லியிருந்தால் அறியாமை என்று ஒதுக்கியிருப்பேன்; கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஸ்திரீகளும், மருந்துக் கடை நடத்துகிறவர்களும், ஏன், சில வைத்தியசாலைகளில் பணிபுரியும் தாதியருங்கூட இதையே சொல்கிறார்கள். மாதந்தோறும் அளவுக்கு மீறி உதிரம் போகிறவளும், சில ஆண்டுகளுக்குக் கர்ப்பம் வேண்டாம் என்று எண்ணுகிறவளுமான ஒருத்திக்கு இந்தத் தீர்ப்பு செய்கிற தீங்கு சிறிதன்று. அவளுக்கு மிகவும் பொருத்தமான சாதனம் எதுவோ, அதன் பக்கமே அவள் திரும்பிப் பாராதபடி இது செய்துவிடுகிறது.

இந்த அபிப்பிராயம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 1965-ஆம் ஆண்டில் நம் நாட்டுக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் லிப்பிஸ் லூப் என்னும் சாதனம் புகுத்தப்பட்டது. அமெரிக்க வைத்தியர் ஜாக் லிப்பிஸ் வகுத்த அது, பாம்பு வளைந்தாற்போல் இருக்கும் வெறும் பிளாஸ்டிக். மருந்தும் இல்லை, உலோகமும் இல்லை. முகாம்கள் போட்டு, இலக்கு வைத்து, கூட்டங்கூட்டமாகப் பெண்களுக்கு அதை வைத்தார்கள். உதிரப்போக்கும் வலியும் கண்டவர்களைப் பின்னால் யார் பார்ப்பது என்பதைப் பற்றி அத்தனை அக்கறை கொள்ளவில்லை. அந்த லூப் மறைந்தது, அதன் பெயர் மறையவில்லை. பிறகு வந்த காப்பர்-டியையும் ஜனங்கள் லூப் என்றே அழைத்தார்கள். காப்பர்-டி கர்ப்பத்தைத் தடுப்பதில் சிறந்ததுதான். ஆனால் செம்பு கர்ப்பப்பையின் உட்சுவரை உறுத்துவதால் மாதப்போக்கு முன்னிருந்ததைவிடக் கூடும். சிலருக்குப் பாதியளவு வரையிலுங்கூடக் கூடும். பிரசவ அறையிலேயே, கேட்டும் கேளாமலும், அதை வைத்து அனுப்பினார்கள் என்று குறைப்பட்ட தாய்மார்களும் உண்டு. ஆகவே, "லூப் வைத்தால் உதிரம் கொட்டும்" என்று ஒரு பாட்டி தன் பேத்தியிடம் சொன்னால், அவள் தன் சரீரம் கண்ட பிரத்தியட்சத்தையே சொல்கிறாள். அவள் சாட்சியத்தை நான் மறுக்கவில்லை. அந்தச் சாட்சியத்தை, அவள் கண்ணாலும் பார்த்திராத வேறொரு பொருளின்மேல் ஏற்றுவதைத்தான் கண்டிக்கிறேன்.

அந்த வேறொரு பொருள், ஹார்மோன் சுரக்கும் கர்ப்பப்பைச் சாதனம். மிரீனா என்பது அதன் பிரசித்தமான பெயர். நம் பெண்கள் பலர் அதை மெரீனா என்று சொல்லிச் சென்னைக் கடற்கரையை நினைவூட்டுவார்கள். பின்லாந்து தேசத்து தபானி லூக்கைனன் என்னும் வைத்தியரின் ஆராய்ச்சியில் உருவாகி, 1990-ஆம் ஆண்டில் அத்தேசத்தில் முதன்முதல் விற்பனைக்கு வந்த அது, வடிவத்தில் காப்பர்-டியைப் போலவே 'டி' எழுத்தாக இருக்கும். செம்புக் கம்பி சுற்றியிருக்க வேண்டிய இடத்தில் லெவோனார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் 52 மில்லிகிராம் அடங்கிய ஒரு சிறு உறை இருக்கும். தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் வீதம் மருந்து அதிலிருந்து கசியும். அந்தச் சொற்ப அளவு, உடம்பெல்லாம் சுற்றி வராமல், கர்ப்பப்பையின் உட்சுவரிலேயே பெரும்பாலும் வேலை செய்கிறது என்பதுதான் இதன் சூட்சுமம். மாதந்தோறும் தடித்து வளர்ந்து, கருவில்லையென்று கண்டதும் உதிர்ந்து விழுகிற அந்த மெத்தை, இந்த மருந்தின் சந்நிதியில் வளர்வதே இல்லை. வளராதது உதிர்வதும் இல்லை. அதிக உதிரப்போக்குள்ள பெண்களின் பஞ்சுகளில் ஊறிய இரத்தத்தை அளந்து ஸ்வீடனில் செய்த ஆராய்ச்சியொன்று 1990-இல் வெளிவந்தது. மூன்று மாதத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேலும், ஓராண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேலும் போக்குக் குறைந்ததென்று அது காட்டிற்று. காப்பர்-டி கூட்டுகிறது, அதே உருவமுள்ள இது குறைக்கிறது. இரண்டையும் லூப் என்று ஒரே பெயரால் அழைப்பது, உப்பையும் சர்க்கரையையும் வெள்ளைப்பொடி என்று அழைத்துவிட்டுச் சமையலுக்குப் போவதை ஒக்கும்.

இனி, கையில் வைப்பதைப் பார்ப்போம். இம்ப்ளாண்ட் என்பது தீக்குச்சியளவான, நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குச்சி. எட்டோனோஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் 68 மில்லிகிராம் அதில் உண்டு. மேற்கையின் உட்புறத்தில் தோலுக்கடியில், மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிஷங்களில் வைத்துவிடலாம். கர்ப்பத்தைத் தடுப்பதில் அதற்கு மிஞ்சியது இல்லையென்றே சொல்லலாம். 2023-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசும் சில மாநிலங்களில் படிப்படியாக அதை வழங்கத் தொடங்கியிருக்கிறது. ஆனால் அதன் மருந்து இரத்தத்தின் வழியாகச் சென்று சினைப்பையை அடக்குகிறது. கர்ப்பப்பையின் மெத்தைமேல் அதற்கு நேரான ஆதிக்கம் இல்லை. அதனால் உதிரப்போக்கு எப்படி அமையும் என்பதை வைக்கும்போது எவராலும் சொல்ல இயலாது. ஐந்தில் ஒருத்திக்குப் போக்கு அறவே நிற்கும். மூன்றில் ஒருத்திக்கு எப்போதாவது வரும். ஏறக்குறைய ஆறில் ஒருத்திக்கோ நாள்கணக்கில் நீண்டுகொண்டே போகும். இயல்பான போக்குடையவள் இந்தச் சீட்டுக் குலுக்கலில் இறங்கலாம். உடம்பில் இரத்தமே குறைந்து நிற்கிறவளை அதில் இறக்குவதற்கு வைத்தியன் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

நான் அறிந்த ஒருத்தியின் விஷயத்தைச் சொல்கிறேன். வயது முப்பத்தாறு, இரண்டு பிள்ளைகள், கண்டாங்கிச் சேலை வியாபாரம். மாதத்தில் ஒன்பது நாள் போகும். முதல் மூன்று நாளும் ஒன்றரை மணிக்கு ஒரு பஞ்சு மாற்ற வேண்டும். இரவில் இரண்டு முறை எழுந்திருக்க வேண்டும். நாவற்பழம் அளவுக்குக் கட்டிகள் விழும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதென்று வந்தவளைச் சோதித்தபோது, பன்னிரண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 7.9 இருந்தது. அவள் நாத்தனார் கோலாலம்பூரில் இருக்கிறாள். கையில் குச்சி வைத்துக்கொண்ட பிறகு அவளுக்கு மாதப்போக்கே நின்றுவிட்டதாம். "எனக்கும் அதையே வச்சுருங்க ஆச்சி, எங்க அம்மாவுக்கு லூப்பு வச்சுப் பட்டது போதும்" என்றாள். நாத்தனாருக்கு நின்றது மெய்தான். ஆனால் அவள் அந்த ஐந்தில் ஒருத்தி என்பதையும், அவளுக்கு முன்பும் அதிகப்போக்கு இருந்ததில்லை என்பதையும் இவள் கேட்டுக்கொள்ளவில்லை.

வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் செய்தோம். கர்ப்பம் இல்லையென்றும் தொற்று இல்லையென்றும் உறுதி செய்துகொண்டு, ஸ்கேன் எடுத்ததில், கர்ப்பப்பைச் சுவரில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு நார்க்கட்டி தெரிந்தது. அது உட்குழிவுக்குள் துருத்தவில்லையாதலால் தடையில்லை. தைராய்டு சரியாக இருந்தது. மாதப்போக்குக்கு இடையிலும் உதிரம் கண்டிருந்தாலோ, வயது நாற்பத்தைந்தைக் கடந்திருந்தாலோ, உட்சுவரிலிருந்து சிறிது எடுத்துச் சோதனைக்கு அனுப்பாமல் நான் எதையும் வைத்திருக்க மாட்டேன். இரும்புச்சத்து மாத்திரைகளைத் தொடங்கிவிட்டு, அடுத்த மாதப்போக்கின் ஐந்தாம் நாளில் ஹார்மோன் சாதனத்தை வைத்தோம்.

மூன்றாம் மாதம் அவள் கோபத்துடன் வந்தாள். "நாள் தவறாம சொட்டுச் சொட்டாப் போகுது, இதுவும் அந்த லூப்புதானே ஆச்சி, எடுத்துருங்க" என்றாள். இந்த இடத்தில்தான் அநேகர் தோற்றுப்போகிறார்கள். மெத்தை மெலிந்து அடங்குவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். அதுவரை கறைபடுவது இயற்கை. இதை முன்கூட்டியே சொல்லாத வைத்தியன், பழைய நம்பிக்கைக்குப் புதிய சாட்சி ஒன்றைத் தானே தயார் செய்து கொடுக்கிறான். நான் சொல்லியிருந்தேன், ஆனாலும் அவள் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பஞ்சுகளை எண்ணு என்று சொல்லி ஒரு குறிப்புப் புத்தகம் வைக்கச் செய்திருந்தது நல்லதாயிற்று. வைப்பதற்கு முந்திய மாதம் முழுக்க நனைந்தவை முப்பத்தெட்டு. மூன்றாம் மாதம் லேசாகக் கறைபட்டவை பதினொன்று. அவளே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போனாள். ஆறாம் மாதம் ஹீமோகுளோபின் 11.8.

ஒன்பதாம் மாதம் போக்கு நின்றது. உடனே மாமியார் வந்தார். கெட்ட இரத்தம் உள்ளே தங்கித் தலைக்கு ஏறிவிடும் என்பது அவருடைய பயம். மாதப்போக்கில் வருவது கெட்ட இரத்தமுமல்ல, அழுக்குமல்ல. உதிர்ந்த மெத்தையும் அதனோடு வந்த நல்ல இரத்தமுமே. மெத்தையே உண்டாகாத வீட்டில் தங்குவதற்கு என்ன இருக்கிறது? அறுக்காத நெல் களத்தில் எப்படிக் குவியும் என்று நான் கேட்டேன். அவர் சமாதானமானாரோ இல்லையோ, மருமகள் மாடிப்படி ஏறுவதைக் கண்டிருந்தார்.

ஹார்மோன் சாதனத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. இருபதில் ஒருத்திக்கு அது தானாகவே வெளியே வந்துவிடக்கூடும். அதிகப்போக்கும் நார்க்கட்டியும் உடையவர்களிடத்தில் இந்த அபாயம் இன்னும் சற்று அதிகம். குறைந்திருந்த போக்கு திடீரென்று பழையபடி திரும்பினாலும், நூல் நீண்டுவிட்டதாகவோ இல்லாமற் போனதாகவோ தோன்றினாலும், உடனே வந்து பார்க்க வேண்டும். அதுவரை கர்ப்பத்தடுப்பு இருப்பதாக நம்பக் கூடாது. ஆயிரத்தில் ஓரிருவருக்கு வைக்கும்போது சுவரில் துளை விழுவதும் உண்டு. கர்ப்பப்பையின் குழிவு நார்க்கட்டிகளால் கோணிப்போயிருந்தால் அது அங்கே நிற்காது. அப்படிப்பட்டவளுக்கும், உள்பரிசோதனைக்கு எவ்விதத்திலும் இசையாதவளுக்கும் கையில் வைப்பதைப் பற்றிப் பேசுவது நியாயமே. ஆனால் காசநோய்க்கு ரிபாம்பிசினோ, வலிப்புக்குச் சில மாத்திரைகளோ சாப்பிடுகிறவளுக்கு, அம்மருந்துகள் குச்சியின் ஹார்மோனைச் சீக்கிரம் அழித்துவிடுவதால், குச்சியை நம்புவதற்கில்லை. கர்ப்பப்பையிலேயே வேலை செய்கிற சாதனத்தை அவை பாதிப்பதில்லை.

கர்ப்பப்பையில் எதையும் வைக்கக்கூடாதென்று அஞ்சுகிறவர்கள், சில ஆண்டு அவதிப்பட்ட பிறகு, கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சம்மதிக்கிறார்கள் என்பது இதிலுள்ள விபரீதம். ஒரு விரல் நீளமுமில்லாத சாதனத்துக்கு நடுங்கிய அதே குடும்பம், வயிற்றைக் கிழிக்கும் சிகிச்சைக்கு நல்ல நாள் பார்க்கிறது.

பாட்டிமார்களை இவ்வளவு கண்டித்துவிட்டுச் சர்க்காரைச் சும்மா விடுவது முறையல்ல. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரத்தசோகை உடையவர்கள் என்பது சர்க்காரின் சொந்தக் கணக்கு. அந்தச் சர்க்காரின் வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைப்பது, போக்கைக் கூட்டுகிற காப்பர்-டி. சில மாவட்டங்களில், போக்கைப் பற்றி எந்த உறுதியும் தராத குச்சி. போக்கைக் குறைக்கிற சாதனம் தேசியத் திட்டத்தின் இலவசப் பட்டியலில் இல்லை. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வெளியே வாங்க வேண்டும். நான் சொன்ன சேலை வியாபாரி வாங்கினாள். அவள் கடைக்குச் சேலை நெய்து கொடுக்கிறவளுக்கு, லூப் என்றால் இன்றைக்கும் உதிரத்தைக் கூட்டுகிற அந்த லூப்தான்.