பகல் உறக்கமும் இரவு விழிப்பும்: கல்லீரல் நோயாளியின் வீட்டார் காத்திருக்கலாகாது

கல்லீரல் சுருக்க நோய் முற்றிய ஒருவர் பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கத் தொடங்கினால், அதனைத் தூக்கக் குறைபாடு என்று கருதலாகாது. மூளை தடுமாறத் தொடங்கியிருப்பதன் முதல் அடையாளமாக அது இருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பேச்சோ நடத்தையோ மாறியிருந்தால், விடியும் வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும் என்பது எம் கருத்து.

கணியம்பாடிப் பக்கத்து வீடு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்து கொள்வோம். பெரியவர் தோல் தொழிற்சாலையில் பல்லாண்டுகள் இரவுக் காவல் பார்த்து ஓய்வு பெற்றவர். வயிற்றில் நீர் கோத்திருப்பதால் நீர் பிரியும் மாத்திரை உட்கொள்கிறார். மூன்று நாள்களாக அவருக்கு மலம் கழியவில்லை. பகலில் உறங்குகிறார், இரவில் வீட்டுக்குள் நடக்கிறார். "அப்பா பழைய டூட்டி நினைப்பில் இருக்கிறார், விடும்மா" என்கிறான் மகன். மறுநாள் சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறார்; தொழிற்சாலைக் கதவின் சாவியைத் தேடுகிறார். மனைவி மருந்துக்கடையிலிருந்து தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார். காலையில் அவரை எழுப்ப முடியவில்லை.

இங்கே நடந்தது என்ன? குடலில் புரதம் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. நலமான கல்லீரல் அதனை யூரியாவாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற விடும். சுருங்கிய கல்லீரலால் அது முழுமையாக இயலாது. குடலிலிருந்து வரும் இரத்தத்தில் ஒரு பகுதி கல்லீரலைச் சுற்றிக்கொண்டும் போய்விடுகிறது. அம்மோனியாவும் பிற நச்சுகளும் மூளையை அடைகின்றன. உறக்கத்தின் ஒழுங்கு முதலில் குலைகிறது. பிறகு நாள், இடம், ஆள் அறிதல் மங்குகிறது. இறுதியில் நினைவு இழக்கிறது. இதனை ஹெபாடிக் என்செபலோபதி என்பர். நடுவில் உள்ள படிகளைக் கடக்கச் சிலருக்குச் சில மணி நேரமே போதும்.

இதனை அவசரம் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பெரும்பாலும் இக்குழப்பத்தைத் தூண்டிவிட்ட வேறொரு கோளாறு உடலில் மறைந்திருக்கும். அது வெறும் மலச்சிக்கலாக இருக்கலாம். உணவுக் குழாயில் இரத்தம் கசிந்து மலம் தார் போலக் கறுத்திருக்கலாம். வயிற்று நீரில் கிருமி தொற்றியிருக்கலாம். அப்போது காய்ச்சல் இல்லாமலும் இருக்கக்கூடும். நீர் பிரியும் மாத்திரையால் உடல் வறண்டு உப்புச் சத்து குறைந்திருக்கலாம். இரத்தத்தையும் வயிற்று நீரையும் சோதித்தால்தான் காரணம் தெரியும்; வீட்டில் இருந்தபடி அதனை அறிய வழியில்லை.

தூக்க மாத்திரையை நாம் கடுமையாக எதிர்ப்பதும் இதனால்தான். நோயுற்ற கல்லீரல் அம்மருந்தை விரைவில் வெளியேற்றாது. அது மூளையை மேலும் அமிழ்த்துவதோடு, நோயின் போக்கையும் மறைத்துவிடும்.

ஐயம் எழும்போது இரு கைகளையும் முன்னே நீட்டி, வண்டியை நிறுத்தும் போலீஸ்காரரைப் போல உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டச் சொல்லுங்கள். கைகள் அவ்வப்போது தொய்ந்து விழுந்து நிமிர்ந்தால் அது இந்நோயின் அடையாளம். நாள்தோறும் ஒரே குறிப்பேட்டில் கையெழுத்திடச் செய்தால், எழுத்து கோணுவதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கை தொய்யவில்லை என்பதற்காக ஆறுதல் கொள்ள வேண்டாம். குழப்பம் இருந்தாலே புறப்பட வேண்டும். அரைத் தூக்கத்தில் இருப்பவரின் வாயில் நீரோ மருந்தோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் உடன் எடுத்து வாருங்கள்.

ஒருமுறை மீண்டவருக்கு இது மறுபடியும் வரக்கூடும். அதனால்தான் லாக்டுலோஸ் மருந்து தொடர்ந்து தரப்படுகிறது. தில்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அதனைத் தொடர்ந்து உட்கொண்டோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே குழப்பம் திரும்பியது. உட்கொள்ளாதோருள் ஏறத்தாழ இருவரில் ஒருவருக்குத் திரும்பியது. நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை மலம் இளகிக் கழிவதே சரியான அளவு. அதற்குக் குறைந்தால் மருந்து போதவில்லை. நீராகப் பலமுறை போனால் உடல் வறண்டு குழப்பமே திரும்பும். இரு நிலையிலும் அளவை மாற்றுவது குறித்து மருத்துவரைக் கேளுங்கள். "பேதி ஆகிறது" என்று தாமாகவே நிறுத்திவிடுவதுதான் நாம் அஞ்சும் தவறு.

அஞ்சிப் பருப்பையும் முட்டையையும் நிறுத்துவதும் பிழையே. தசையும் அம்மோனியாவை நீக்க உதவுகிறது; புரதம் குறைந்தால் அத்தசையே கரைந்துபோகும்.

அப்பெரியவரின் வீட்டில் முதல் நாள் பகலுறக்கத்தின்போதே இதனை அறிந்திருந்தால், பழைய இரவு வேலையின் பழக்கம் என்று எவரும் சமாதானம் சொல்லியிருக்க மாட்டார்கள்.