பதினான்கா, பதினைந்தா: ஒரு குத்தகையின் கடைசி நாள்

தில்லியில் வாடகைக்குக் குடியிருக்கும் சக ஆய்வாளர் ஒருவருடைய ஒப்பந்தத்தைச் சென்ற ஆண்டு படிக்க நேர்ந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த அந்தப் பத்திரம், 2024 ஜூலை 15 ‘ஃப்ரம்’ பன்னிரண்டு மாதங்கள் என்று காலத்தைச் சொல்லியது. முடியும் தேதியைச் சொல்லவில்லை. மாத வாடகை 18,600 ரூபாய். காலம் முடிந்தபின் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இருமடங்கு வாடகை என்று ஒரு விதி. 2025 ஜூலை 14 இரவே சாவி தன் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது வீட்டு உரிமையாளரின் நிலைப்பாடு. நண்பர் 15 மாலை சாவியைக் கொடுத்தார். முன்பணத்தில் 1,200 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டது.

தொகை சிறியது. ஆனால் இதைக் கேட்டவர்கள் அனைவரும், சட்டம் படிப்பவர்கள் சிலர் உட்பட, உரிமையாளர் சொல்வதே கணக்குப்படி சரி என்றார்கள். 15இல் தொடங்கிய ஓராண்டு 14இல்தானே முடியும் என்பது அவர்களுடைய வாதம். நான் அதை ஏற்கவில்லை. இந்தியச் சட்டத்தின்படி அந்தப் பத்திரத்துக்கு 15ஆம் தேதியும் உரியது. அதற்கான காரணம் கணக்கில் இல்லை. ஒரு முன்னிடைச்சொல்லில் இருக்கிறது.

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், 110ஆம் பிரிவில் இந்தக் கேள்விக்கு நேராகவே விடை தருகிறது. குத்தகைக் காலம் ஒரு குறிப்பிட்ட நாள் ‘ஃப்ரம்’ தொடங்குவதாகச் சொல்லப்பட்டிருந்தால், காலத்தைக் கணக்கிடும்போது அந்த நாளை விலக்கிவிட வேண்டும். மேலும், காலம் ஓராண்டாகவோ பல ஆண்டுகளாகவோ இருந்து, மாறான வெளிப்படையான உடன்பாடு இல்லையென்றால், அந்த நாளின் ஆண்டு நிறைவு நாள் முழுவதும் குத்தகை நீடிக்கும். நண்பரின் பத்திரம் ‘ஓராண்டு’ என்று சொல்லாமல் ‘பன்னிரண்டு மாதங்கள்’ என்று சொல்வதால் இரண்டாவது விதி பொருந்துமா என்று ஒருவர் கேட்கலாம். பொருந்தாவிட்டாலும் குறையில்லை. முதல் விதிப்படி ஜூலை 15ஐ விலக்கி 16இலிருந்து எண்ணினால் பன்னிரண்டு மாதங்கள் அடுத்த ஜூலை 15 முடியும்போதுதான் நிறைகின்றன.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 2024 ஜூலை 15ஐச் சேர்த்து 2025 ஜூலை 14 வரை எண்ணினால் 365 நாட்கள். 15ஐ விலக்கி 2025 ஜூலை 15 வரை எண்ணினாலும் அதே 365 நாட்கள்தாம். எனவே ‘ஓராண்டுக்கு 365 நாள்தானே’ என்ற வாதம் இரு தரப்புக்கும் சமமாக உதவுகிறது. அதாவது ஒருவருக்கும் உதவுவதில்லை. வேறுபாடு முதல் நாளின் தகுதி பற்றியது மட்டுமே. சட்டம் பொதுவாக நாளைக் கூறுபோட விரும்புவதில்லை. குடியேறுபவர் பிற்பகல் நான்கு மணிக்குச் சாவி வாங்குகிறார். அந்த அரைகுறை நாளை முழு நாளாக எண்ணுவதைவிட, எண்ணிக்கைக்கு வெளியே வைத்துவிடுவது எளிது.

மாதத்தின் முதல் தேதியில் தொடங்கும் குத்தகையில் இந்த ஐயம் பெரும்பாலும் எழுவதில்லை. ஜூன் 1இல் தொடங்கியது மே 31இல் முடியும் என்று நாட்காட்டியின் தாளே நமக்குச் சொல்லிவிடுவதாக எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பினய் கிருஷ்ண தாஸ் எதிர் சால்சிச்சியோனி என்ற வழக்கில் 1932இல் பிரிவி கவுன்சில் எடுத்த முடிவு அந்த நம்பிக்கையையும் கலைத்தது. அங்கே 1921 ஜூன் 1 ‘ஃப்ரம்’ நான்கு ஆண்டுகளுக்குக் குத்தகை. 110ஆம் பிரிவின்படி ஜூன் 1 விலக்கப்பட்டது. குத்தகை 1925 ஜூன் 1 முழுவதும் நீடித்தது. அதன்பின் மாதாமாதம் தொடர்ந்த குடியிருப்பும் ஒவ்வொரு மாதத்தின் 1ஆம் தேதியோடு முடிவதாகவே கொள்ளப்பட்டது. ஒரு நாள் பிசகு அக்காலத்தில் வழக்கையே கவிழ்க்கும். மாதக் குடியிருப்பை முடிக்கும் அறிவிப்பு, குடியிருப்பு மாதத்தின் கடைசி நாளோடு பொருந்தி முடிய வேண்டும் என்று 106ஆம் பிரிவு கேட்டது. 2003ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம்தான் அந்தக் கண்டிப்பைத் தளர்த்தியது.

மொழியியல் மாணவனாக எனக்கு உறுத்துவது வேறொன்று. 110ஆம் பிரிவு ஆங்கிலச் சொல் ஒன்றின் மேல் கட்டப்பட்டது. அதே ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதினால் ‘15 முதல்’ என்றே எழுதுவோம். ‘முதல்’ என்பதன் பொருளே தொடக்கம், முதலாவது என்பதுதான். ‘திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகம் திறந்திருக்கும்’ என்றால் திங்களன்று பூட்டிக் கிடக்கும் என்று எவரும் கொள்ளமாட்டார். ஆகத் தமிழ் ‘முதல்’ அந்த நாளை உள்ளடக்கும். சட்டத்தின் ‘ஃப்ரம்’ அதை விலக்கும். தமிழ்ப் பத்திரம் ஒன்று ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு நீதிமன்றத்தில் வைக்கப்படும்போது ‘முதல்’ சற்றும் யோசிக்கப்படாமல் ‘ஃப்ரம்’ ஆகிறது. அத்துடன் எழுதியவர் நினைத்திராத ஒரு நாளும் இடம் மாறுகிறது. (‘இருந்து’ சற்று இருபுறமும் சாயும் என்பது என் கணிப்பு. அது தனிக் கட்டுரைக்குரியது.) ‘15 அன்று தொடங்கி’ என்று எழுதினால் நிலைமை தெளிவு. அங்கே விலக்குவதற்குரிய சொல்லே இல்லை. 15 முதல் நாளாக எண்ணப்படும். காலம் 14இல் முடியும்.

அப்படியானால் இரண்டு தேதிகளையும் எழுதிவிடலாமே என்பார்கள். எழுதலாம், ஆனால் கவனமாக. மாத நடுவில் தொடங்கும் பத்திரங்களில் நான் கண்ட வழக்கமான பிழை ‘15.07.2024 தொடங்கி 15.07.2025 வரை, இரு நாட்களும் உட்பட’ என்பது. எண்ணிப் பார்த்தால் 366 நாட்கள். ஓராண்டும் ஒரு நாளும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்த பத்திரத்தின் மூலம் மட்டுமே ஏற்படுத்த முடியும் என்கிறது 107ஆம் பிரிவு. பதிவுச் செலவைத் தவிர்ப்பதற்காகப் பன்னிரண்டு மாதத்தோடு நிறுத்திக்கொண்டவர், தாராள மனத்தோடு எழுதிய அந்த ஒரு நாளால் எல்லையைத் தாண்டிவிடுகிறார். பிறகு சச்சரவு எழும்போது, பதிவாகாத அந்தத் தாளின் நிபந்தனைகளைச் சான்றாக ஏற்கக் கூடாது என்று எதிர்த்தரப்பு வாதிட வழி பிறக்கிறது. முன்பணம் எவ்வளவு, எப்போது திருப்பித் தரவேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும்.

எனவே என் பரிந்துரை: ‘15.07.2024 அன்று தொடங்கி 14.07.2025 முடிய, இரு நாட்களும் உட்பட’. ‘14 நள்ளிரவு வரை’ என்று எழுத வேண்டாம். அந்த நள்ளிரவு 14ஆம் தேதியின் தொடக்கமா முடிவா என்று அடுத்த வழக்கைத் தொடங்கலாம்.

நண்பரின் பத்திரத்தில் இந்த வரி இல்லை. ‘ஃப்ரம்’ மட்டுமே இருந்தது. உரிமையாளர் 15 காலையில் புதிய குடித்தனக்காரரை வரச் சொல்லியிருந்தது அவருடைய ஏற்பாடு. பத்திரத்தின் ஏற்பாடு அன்று. ஆகவே 1,200 ரூபாயைத் திருப்பிக் கேட்டு எழுதுமாறும், கடிதத்தில் பிரிவு எண்ணை மட்டும் குறிப்பிடாமல் அதன் முதல் பத்தியை அப்படியே எடுத்தெழுதுமாறும் சொன்னேன்.