உங்கள் தொலைபேசி இலக்கம் யாருடைய பட்டியலில்? – விளம்பரப் படிவங்களும் சம்மதமும்

முகநூலைத் திறந்தால் வடக்கு, கிழக்கைக் குறிவைத்த விளம்பரங்கள் வரிசையாக வருகின்றன. வெளிநாட்டு வேலை, தாதியர் பயிற்சி, பெண்களுக்கான வாழ்வாதாரக் கடன், தவணைக்குக் காணி. பெரும்பாலானவற்றில் அழுத்தியவுடன் ஒரு சிறு படிவம் திறக்கும். அதில் உங்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும் ஏற்கனவே நிரப்பப்பட்டிருக்கும். முகநூல் கணக்கில் நீங்கள் கொடுத்த விபரத்தை அது தானாகவே எடுத்துக்கொள்கிறது. நீங்கள் செய்யவேண்டியது "சமர்ப்பி" என்பதை அழுத்துவது மட்டும்தான். பிறகு அழைப்புகள் வரத் தொடங்கும்.

அந்த ஓர் அழுத்தம் எதற்கான சம்மதம், அதைப் பெற்றவருக்கு என்ன கடமைகள் உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் விடயம்.

ஒரு படிவத்தைப் பிரித்துப் பார்ப்போம்

அண்மையில் நான் பார்த்த ஒரு படிவம் சுயதொழிற் கடன் பற்றியது. நிறுவனத்தின் பெயர் இங்கு தேவையில்லை. இதே மாதிரியான படிவங்கள் பல உண்டு. பெயர், தொலைபேசி இலக்கம், மாவட்டம், தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றுடன், "நீங்கள் குடும்பத் தலைவியா?", "போரினால் அங்கவீனமுற்றவர் வீட்டில் உள்ளாரா?" என்ற இரண்டு கேள்விகளும் இருந்தன. அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: "சமர்ப்பிப்பதன் மூலம் எமது நிபந்தனைகளை ஏற்கிறீர்கள்."

கடன் பற்றித் திரும்ப அழைத்துப் பேசுவதற்குப் பெயரும் இலக்கமும் போதும். எந்தக் கிளையிலிருந்து அழைப்பது என்று தீர்மானிக்க மாவட்டம் உதவும். அடையாள அட்டை இலக்கம் அந்தக் கட்டத்தில் எதற்கும் தேவையில்லை. ஆனால் அது நிறையச் சொல்லிவிடும். 12 இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதனுடன் 500 கூட்டப்படும். 1986532 என்று தொடங்கினால், 1986 பெப்ரவரி 1 இல் பிறந்த ஒரு பெண் என்று எவரும் வாசிக்கலாம்.

கடைசி இரு கேள்விகளும் இன்னும் பாரதூரமானவை. ஒருவரின் உடல்நலம், இன அடையாளம், அரசியல் கருத்து, சமயம், பிள்ளைகள் தொடர்பான விபரம் ஆகியவற்றை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விசேட வகைத் தரவுகளாகப் பிரித்து வைக்கிறது. இவற்றைக் கையாள்வதற்கான நிபந்தனைகள் கூடுதல் இறுக்கமானவை. வீட்டில் அங்கவீனமுற்றவர் இருக்கிறார் என்பது அந்த வகையில் வரக்கூடிய விபரம். அது பற்றித் தன் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை என்பது அந்த வீட்டிலிருப்பவருக்குத் தெரியவும் வராது.

எது சம்மதம்?

இந்தச் சட்டத்தின்படி சம்மதம் சுயவிருப்பத்துடன், குறித்த ஒரு நோக்கத்துக்காக, விபரம் அறிந்து, ஐயத்துக்கு இடமின்றி, எழுத்தாலோ தெளிவான ஒரு செயலாலோ வழங்கப்பட வேண்டும். மற்ற நிபந்தனைகளோடு கலந்து ஒளித்து வைக்கவும் கூடாது. மேலே சொன்ன ஒற்றை வரி இந்த அளவுகோலில் தேறாது. கடன் பற்றி அழைப்பது ஒரு நோக்கம். அடுத்த ஆண்டு காப்புறுதி விற்க அழைப்பது வேறொரு நோக்கம். இலக்கத்தைப் பங்காளி நிறுவனத்துக்குக் கொடுப்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே அழுத்தத்தில் அடக்கினால், எதற்குச் சம்மதித்தோம் என்று நிரப்பியவருக்கே தெரியாது.

சரியான படிவத்தை அமைப்பது கடினமல்ல. முகநூலின் படிவத்திலேயே மேலதிக அறிவித்தல் சேர்க்கவும், விரும்பினால் மட்டும் தெரிவு செய்யும் கட்டங்களை வைக்கவும் வசதி உண்டு. எங்கள் தமிழில் இப்படி எழுதலாம்: "இந்தக் கடன் பற்றி விளக்க, எமது நிறுவனம் மட்டும் உங்களை இரண்டு தடவை வரை அழைக்கும். விருப்பமில்லை என்றால் மூன்று மாதத்தில் உங்கள் விபரம் அழிக்கப்படும். நிறுத்த வேண்டுமானால் இந்த இலக்கத்துக்குச் சொல்லுங்கள்." வேறு சேவைகள் பற்றிய செய்திகளுக்குத் தனியான, முன்கூட்டியே குறியிடப்படாத ஒரு கட்டம். அதைக் குறியிடாதவருக்கும் கடன் பற்றிய அழைப்புப் போகவேண்டும். இல்லாவிட்டால் அது சுயவிருப்பம் அல்ல.

சமர்ப்பித்த பின் நடப்பது

அதிகம் பிசகுவது இந்தக் கட்டத்தில்தான். முகநூலில் சேரும் விபரங்களை நிறுவனம் 90 நாட்களுக்குள் ஒரு கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். தரவிறக்கிய பிறகு அது முகநூலின் கையில் இல்லை. விளம்பரத்தை நடத்திய முகவர் ஒரு பிரதி வைத்திருப்பார். முகாமையாளர் அதை வட்ஸ்அப்பில் ஊழியர்களுக்கு அனுப்புவார். ஓர் ஊழியர் வேலையை விட்டு வேறு நிறுவனத்துக்குப் போகும்போது, கோப்பும் அவருடைய கைபேசியில் கூடவே போகும். நீங்கள் கேள்விப்படாத நிறுவனம் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பது பல வேளைகளில் இப்படித்தான்.

இன்னொரு பொதுவான பிழை, வந்த இலக்கங்களையெல்லாம் ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது. குழுவிலுள்ள ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லாருடைய இலக்கமும் தெரியும். கணவனை இழந்த பெண்களுக்கான உதவித் திட்டம் என்று பெயரிட்ட குழுவில் சேர்த்தால், தனியாக வாழும் பெண்களின் இலக்கங்களை முன்பின் தெரியாதவர்களுக்கு விநியோகித்ததாகவே அது முடியும்.

முகவரை அமர்த்தினாலும் பொறுப்பு நிறுவனத்தை விட்டு நீங்காது. எதற்காக, எப்படி என்று தீர்மானிப்பவரைச் சட்டம் கட்டுப்பாட்டாளர் என்கிறது. சம்மதம் பெறப்பட்டதை நிரூபிக்க வேண்டியவரும் அவரே. ஆகவே தரவிறக்கிய கோப்பில் உள்ள `created_time`, `form_id` ஆகிய நிரல்களை அழிக்காமல், அன்று படிவத்தில் இருந்த வாசகத்தின் பிரதியுடன் சேர்த்து வைக்க வேண்டும். எப்போது, எந்த வாசகத்துக்கு ஒருவர் சம்மதித்தார் என்று காட்ட வேறு வழியில்லை. "அழைக்க வேண்டாம்" என்றவரின் மற்ற விபரங்களை அழித்துவிட்டு, இலக்கத்தை மட்டும் ஒரு தனித் தடைப்பட்டியலில் வைப்பது நல்லது. இல்லாவிட்டால் அடுத்த கோப்பில் அதே இலக்கம் மீண்டும் வரும், மீண்டும் அழைப்பார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

மீறல் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்க 2022 சட்டம் இடமளிக்கிறது. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை தொடர்பான பகுதி 2023 இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நிறுவனங்களின் கடமைகளையும் எங்கள் உரிமைகளையும் சொல்லும் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்து, பிற்போடப்பட்டன. தண்டம் வரும்வரை பொறுக்கலாம் என்று நிறுவனங்கள் நினைக்கக்கூடும். இன்று சேர்க்கும் பட்டியல் சட்டம் முழுமையாக இயங்கும் நாளிலும் அவர்களுடைய கணினியில் இருக்கும். அன்று அதற்கான சம்மதத்தைக் காட்டச் சொன்னால் பழைய ஒற்றை வரி உதவாது.

பெயர், ஊர், வீட்டில் யார் யார் என்று எழுதிய பட்டியல்கள் யார் கைக்குப் போகும் என்ற பயம் எங்கள் மக்களுக்குப் புதிதல்ல. உதவி நிறுவனங்களும் ஊர் அமைப்புகளும் கூட இப்போது இதே மாதிரிப் படிவங்களைப் பயன்படுத்துவதால், அவர்களிடமும் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும்.

தெரியாத இடத்திலிருந்து அழைப்பு வந்தால் கோபப்பட்டு வைத்துவிடாமல் மூன்றைக் கேளுங்கள்: என் இலக்கம் உங்களுக்கு எங்கிருந்து, எந்தத் திகதியில் வந்தது? வேறு யாருக்குக் கொடுத்தீர்கள்? அதை அழித்துவிட்டு எழுத்தில் அறிவிப்பீர்களா? ஒழுங்காகச் சேர்த்த நிறுவனம் முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லும். தடுமாறினால் அந்த இலக்கம் கைமாறி வந்திருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். திகதியையும் அழைத்த இலக்கத்தையும் குறித்து வையுங்கள். முறைப்பாடு செய்யும் நாளில் உங்களிடம் இருக்கும் சான்று அதுதான்.