கைப்பிடியைச் சுழற்றினால் கைப்பேசி நிறையுமா?

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க், தன் வளாகத்திற்குள் மின்சாரம் விநியோகிக்கத் தனி உரிமம் பெற்ற நிறுவனம். அதன் சுற்றுச்சுவருக்கு வெளியே வாழும் மீனவரும் கூலித் தொழிலாளரும் மாநில மின்வாரியத்தின் கம்பியையே நம்பியிருக்கின்றனர். புயலில் தென்னை சாய்ந்து அந்தக் கம்பி அறுந்தால், முதலில் அணைவது விளக்கு. மறுநாள் அணைவது கைப்பேசி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அபயக் குரல்கள் கைப்பேசி வழியாகவே வந்தன என்பதால், இது சிறிய விஷயமல்ல.

இந்தத் தேவையைச் சந்தை நன்கு அறிந்திருக்கிறது. கைப்பிடியைச் சுழற்றும் சார்ஜர்களும், முதுகில் சோலார் தகடு ஒட்டிய பவர் பேங்குகளும் மின்வெட்டுக்குத் தீர்வு என்று விற்கப்படுகின்றன. நிவாரணத்திற்கென நிதி திரட்டும் நம் தோழர்களும் அவற்றை வாங்க முற்படுகின்றனர். வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இன்றைய ஸ்மார்ட்போனின் 5,000 மில்லி ஆம்பியர்-மணி மின்கலத்தில் ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றல் அடங்கும். வழியில் வெப்பமாகும் இழப்பையும் சேர்த்தால் 25 வாட்-மணி தேவை. கையடக்கமான சுழற்று சார்ஜர் தருவது பெரும்பாலும் இரண்டு வாட் அளவே. அதாவது, ஒரு ஸ்மார்ட்போனை நிரப்பப் பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேல் இடைவிடாது சுழற்ற வேண்டும். பத்து நிமிடம் சுழற்றினால் கிடைப்பது ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். திரை எரிந்துகொண்டிருந்தால் அதுவும் அப்போதே கரைந்துவிடும். பொத்தான் வைத்த பழைய கைப்பேசிக்கு ஐந்து வாட்-மணி போதும் என்பதால், அதே பத்து நிமிடச் சுழற்சி சில அவசர அழைப்புகளுக்கு உதவும். இந்தக் கருவியின் நியாயமான பயன் அவ்வளவே.

சோலார் பவர் பேங்கைச் சோதிக்க அதன் தகட்டின் பரப்பைப் பார்த்தாலே போதும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் நல்ல தகடு சுமார் 200 வாட் தரும். கைப்பேசி அளவுள்ள தகடு அதில் எண்பதில் ஒரு பங்கு. ஆகவே இரண்டரை வாட்டுக்கு மேல் எழ வழியில்லை, நடைமுறையில் ஒன்றரை வாட் கிடைக்கும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட பவர் பேங்கை அந்தத் தகட்டால் மட்டும் நிரப்ப, நாளொன்றுக்கு நான்கு மணி நேர நல்ல வெயில் இருந்தாலும் இரண்டு வாரம் ஆகும். பருவமழை வானத்தின் கீழ் அது நிரம்பவே நிரம்பாது. வெயிலில் கிடக்கும்போது லித்தியம் மின்கலம் சூடேறி ஆயுளும் குறைகிறது.

கூரைமேல் ஏற்கெனவே சோலார் உள்ள பள்ளியும் அலுவலகமும் கைகொடுக்குமே என்று தோன்றலாம். மின்கலம் இன்றி மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியைச் சீர்செய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. வெயில் எரிக்கும் நண்பகலிலும் அது ஒரு கைப்பேசியைக்கூட நிரப்பாது.

பயன் தருவது பொதுவில் வைக்கும் அமைப்பு. கேரளத்தின் கிராம நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரையில் 100 வாட் தகடு, உள்ளே சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி மின்கலம், சில யுஎஸ்பி முனைகள். நல்ல வெயில் நாளில் இழப்பு போக 260 வாட்-மணி கிடைக்கும். பத்து ஸ்மார்ட்போன்கள் நிறையும். கார்மேகம் மூடிய நாளில் இது இரண்டாகக் குறையலாம். ஆனால் முன்பே நிரம்பியிருந்த மின்கலத்தில் பாதியைச் செலவிட்டாலே 600 வாட்-மணி உண்டு. இருபதுக்கு மேற்பட்ட கைப்பேசிகளுக்கு அது போதும். ஈய-அமில மின்கலத்தைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் விரைவில் பாழாகும். எனவே யாருக்கு முதலில் என்பதை முடிவுசெய்ய ஒரு குழு வேண்டும். மழைக்காலத்திற்கு முன் மின்கலத்தைச் சோதிப்பதும் அதன் பொறுப்பு.

இதற்கும் எல்லை உண்டு. கைப்பேசிக் கோபுரத்தின் மின்கலம் சில மணி நேரத்தில் தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசலும் வராவிட்டால், நிறைந்த கைப்பேசியும் ஊமைதான். இறுதி விடை பொது மின்கட்டமைப்பிலேயே இருக்கிறது. 2017 மே மாதத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு கேரளத்தை முழு மின்மயமான மாநிலமாக அறிவித்தது, வீடுதோறும் இணைப்பு என்ற அளவுகோலில். ஒன்றிய அரசோ, பத்தில் ஒரு வீட்டுக்கு இணைப்பு இருந்தாலே கிராமம் மின்மயமானது எனக் கொள்ளும் இலக்கணப்படி, 2018 ஏப்ரலில் மணிப்பூரின் லெய்சாங்கோடு எல்லாக் கிராமங்களும் மின்மயமாகிவிட்டன என்று கொண்டாடியது. 2022 ஆகஸ்டில் மக்களவையில் கொண்டுவந்த மின்சாரத் திருத்த மசோதா, லாபம் தரும் நுகர்வோரைத் தனியாருக்குத் திறந்துவிட்டு, செலவு மிகுந்த கிராமங்களைப் பொதுவாரியத்தின் தலையில் விட முயன்றது.

கம்பி சென்றதா என்பதோடு, எத்தனை மணி நேரம் மின்சாரம் வந்தது, அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் சீரானது என்றும் கேட்க வேண்டும். அதுவரை திரட்டும் நிதியை நூறு பொம்மைச் சார்ஜர்களில் சிதறவிடாமல், நூலகக் கூரையில் ஒரு தகடாகவும் உள்ளே ஒரு மின்கலமாகவும் நிறுத்துவோம். கைப்பிடியைச் சுழற்றும் வேலையை ஏழையின் தோளில் ஏற்றிவிட்டு அரசு விலகிக்கொள்ள அனுமதிக்க முடியாது.