மணலில் மாட்டினால் மோட்டாரைத் திட்டாதீங்க

ஃபேட் டயர் எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கி, பீச் மணலில் இறக்கி, பத்து அடியில் புதைஞ்சதும் நம்ம பசங்க சொல்றது ஒண்ணுதான்: "மோட்டார் பவர் பத்தல." என் கருத்து வேற. பிரச்சனை பெரும்பாலும் காத்துலதான் இருக்கு.

டயர் பக்கவாட்டில் அச்சடிச்சிருக்கிற பி.எஸ்.ஐ. எண், அதுக்கு மேல போகக்கூடாதுங்கிற உச்ச வரம்பு. அவ்வளவு அடிச்சே ஆகணும்னு அதுக்கு அர்த்தம் இல்ல. ஆனா நாம அந்த எண் வரைக்கும் அடிச்சுட்டு நேரா மணலுக்குப் போறோம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சைக்கிள் 30 கிலோ, ஓட்டுறவர் 75 கிலோ. மொத்தம் 105. அதுல 60 சதவீதம், அதாவது 63 கிலோ, பின் சக்கரத்துல விழுதுன்னு வைங்க. பின் கேரியர்ல 15 கிலோ பையும் ஏத்தினா 78 கிலோ, சுமார் 172 பவுண்டு. எடையை பி.எஸ்.ஐ.யால வகுத்தா, டயர் தரையில பதியுற பரப்பு தோராயமா கிடைக்கும். 20 பி.எஸ்.ஐ.ல அது 8.6 சதுர இஞ்ச். 10 பி.எஸ்.ஐ.ல 17.2. அதே எடை இரண்டு மடங்கு பரப்புல பரவுறதால டயர் மணலை வெட்டி இறங்காம மேல மிதக்குது.

"சுமை கூடினா காத்தும் கூடணுமே?" கூடணும்தான், ஆனா எடை கூடுன அளவுக்கு மட்டும். பை இல்லாம 8 போதும்னா, பையோட 10. முன் சக்கரத்துல எடை குறைவு, அதனால அங்க 6 போதும். இதெல்லாம் நாலு இஞ்ச் டயருக்கான ஆரம்ப எண்கள்தான். மிச்சத்தை தடத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்க. ஆழமான பள்ளம் விழுந்தாலோ, முன் டயர் மணலைக் குவிச்சுத் தள்ளினாலோ, இன்னும் ஒரு பி.எஸ்.ஐ. இறக்குங்க.

இறக்குறதுக்கும் எல்லை உண்டு. கல்லுல ஏறும்போது 'டொக்'னு ரிம் இடிச்சா ரொம்ப இறக்கிட்டீங்க. டியூப்ல பக்கத்துப் பக்கத்துல இரண்டு ஓட்டை விழுறதும் இதனாலதான். ஹப் மோட்டார் வண்டியில இன்னொரு ஆபத்து இருக்கு. மோட்டார் ரிம்மை இழுக்கும்போது, காத்து கம்மியான டயர் ரிம்ல வழுக்கும், டியூபும் அதோட நகரும். வால்வு சாய்ஞ்சு நின்னா அதுதான் அறிகுறி. கவனிக்கலைன்னா வால்வு அடியோட கிழியும்.

திரும்ப தார் ரோட்டுக்கு வந்ததும் காத்து அடிச்சே ஆகணும். இல்லன்னா வளைவுல வண்டி ஆடும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். அதனால கையில ஒரு சின்ன பம்ப் வேணும்.

கூடவே ஒரு கேஜ். 100 பி.எஸ்.ஐ. தாண்டி அளக்குற சாதாரண கேஜ்ல 6க்கும் 10க்கும் உள்ள வித்தியாசத்தை நம்பிப் படிக்க முடியாது. 0 முதல் 15 வரை அளக்குற கேஜ் வேணும். பெரிய மோட்டாருக்குக் காசு சேர்க்கிறவங்க முதல்ல இதை வாங்குங்க. பாதிப் பேருக்கு அந்த மோட்டாரே தேவைப்படாது.